புகைப்படத்தில் மீசையை மாற்றுவது எப்படி: வேர் போகிற போக்கில் போங்கள்

அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக எடுத்து வைத்தோம். முகம் தெளிவாக இருந்த ஒரே படம் அதுதான். ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்து எழுந்த சமயம் எடுத்தது, மீசையை ஒட்ட ஒதுக்கி விட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாழ்நாள் முழுக்க வைத்திருந்த அடர்ந்த, நுனி லேசாக மேலேறிய மீசைதான் வேண்டும் என்றார். எனக்கு கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் ஓரளவு தெரியும், ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு வார இறுதிகள் போயின.

முதல் முயற்சியை அம்மாவிடம் காட்டியபோது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நாடகத்துல ஒட்டு மீசை வெச்ச மாதிரி இருக்குப்பா" என்றார். எங்கே தப்பு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. நிறம் சரி, அளவும் சரி. முடி வளரும் திசைதான் தப்பு. எல்லா முடியையும் சீப்புப் பல் மாதிரி நேராகக் கீழே இழுத்து வைத்திருந்தேன். நீங்களும் அந்த நான்கு வாரத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் கிம்ப் வைத்துச் சொல்கிறேன், மற்ற மென்பொருளிலும் வேலை இதேதான், பொத்தான்கள்தான் வேறு இடத்தில் இருக்கும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அசல் கோப்பு. அரட்டைச் செயலி வழியாக வந்த படம் வேண்டாம், அது அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும், மீசைப் பகுதி முதலிலேயே கூழாகிவிடும். படம் எடுத்தவரிடமே கேட்டு அசலை வாங்குங்கள். காகிதப் பிரதிதான் இருக்கிறது என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

அடுத்தது, அதே ஆளின் வேறு படங்கள், நீங்கள் கொண்டுவர நினைக்கும் மீசையோடு. எனக்கு ஒரு கல்யாணக் குழுப்படம் கிடைத்தது, அதில் அப்பாவின் முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதிலிருந்து முடியை எடுக்க முடியாது, ஆனால் நுனி எங்கே முடிகிறது, உதட்டை எவ்வளவு மறைக்கிறது என்பது தெரிந்தது. அது போதும். வேறொருவரின் மீசையை வெட்டி ஒட்டும் யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள். வெளிச்சமும் பொருந்தாது, முகம் திரும்பியிருக்கும் கோணமும் பொருந்தாது.

படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்றவற்றுக்கான படமாக இருந்தால் கை வைக்கவே வேண்டாம், அங்கே முகத்தைத் திருத்துவது வம்பு.

செலவு என்று பார்த்தால் மென்பொருள் இலவசம். பேனா டேப்லெட் இருந்தால் வேலை பாதியாகக் குறையும், அதற்காகக் கடன் கிடன் வாங்க வேண்டாம், மவுஸிலும் முடியும், வழியைக் கீழே சொல்கிறேன். நேரம்: இப்போது எனக்கு ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. முதல் தடவை அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எது சரி எது தப்பு என்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

2. ஒரு முடி எத்தனை பிக்சல் என்று கணக்குப் போடுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வளர்ந்த ஒருவரின் வாய் ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் இருக்கும். மீசை முடியின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அப்பாவின் படத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், வாயின் அகலம் 480 பிக்சல். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் ஒரு முடி ஒரு பிக்சல்.

நான் முதல் தடவை வரைந்தது ஐந்து பிக்சல் பிரஷ்ஷில். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள முடி! அது துடைப்பக் குச்சி, மீசை இல்லை. அம்மா சொன்ன ஒட்டு மீசையில் பாதி இதிலிருந்தே வந்தது.

உங்கள் படத்தில் வாய் 1000 பிக்சல் என்றால் பிரஷ் இரண்டு பிக்சல். 200 பிக்சலுக்கும் கீழே என்றால் அந்தப் படத்தில் தனி முடி தெரியவே தெரியாது, இருக்கிற மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தாலே புரியும், கற்றைகள்தான் தெரியும். அங்கே தனி முடி வரைந்தால் முகத்தில் மீசை மட்டும் அநியாயத்துக்குத் துல்லியமாக நிற்கும். அப்படிப்பட்ட படத்துக்கு விளிம்பு மென்மையான இரண்டு பிக்சல் பிரஷ்ஷை 30 சதவீத ஒளிபுகாமையில் வைத்துக் கற்றை கற்றையாகப் போடுங்கள்.

3. திசை வரைபடம் போடுங்கள், இதைத் தாண்டாதீர்கள்

எல்லா வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது. படத்தை 200 சதவீதம் பெரிதாக்கி, மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, சிவப்பு நிறத்தில் சின்னச் சின்ன அம்புக்குறிகள் வரையுங்கள். ஒவ்வொரு அம்பும் வேரில் தொடங்கி நுனியில் முடிய வேண்டும். இருக்கிற முடியைப் பார்த்து வரையுங்கள், மனசிலிருந்து வரையாதீர்கள். ஒட்ட ஒதுக்கிய மீசையாக இருந்தால் இன்னும் நல்லது, குட்டையான முடி திசையை மறைக்காது.

பொதுவாக என்ன இருக்கும் என்று சொல்கிறேன். மூக்குக்குக் கீழே நடுவில் இருக்கும் பள்ளத்தை ஒட்டிய முடி பெரும்பாலும் கீழ்நோக்கிப் போகும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர நகர முடி வெளிப்புறமாகச் சாயத் தொடங்கும். மூக்கு மடலுக்குக் கீழே வரும்போது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு. கடைவாயை நெருங்கும்போது இன்னும் படுத்துவிட்டு, கடைவாயைத் தாண்டியதும் திரும்பவும் கீழே இறங்கும். விசிறியைக் கவிழ்த்து வைத்த மாதிரி. பள்ளத்துக்குள் முடி குறைவு, சிலருக்கு அங்கே வெறும் தோல்தான். மீசையின் மேல் விளிம்பிலும் பள்ளத்திலும் பூனை முடி இருக்கும், மெலிசு, குட்டை, நிறமும் மங்கல்.

ஆனால் இந்தப் பொது விதியை மட்டும் நம்பி வரைந்தால் யாரோ ஒருவரின் மீசைதான் வரும். அப்பாவின் படத்தை உற்றுப் பார்த்தபோது பள்ளத்துக்கு இடது பக்கம் எட்டுப் பத்து முடி மட்டும் வெளியே போகாமல் உள்ளே, பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சின்னச் சுழி. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கவனித்ததில்லை. முதல் முயற்சியில் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தேன். இரண்டாவது தடவை அதை அப்படியே வைத்து, அதைச் சுற்றித்தான் மற்ற முடியைப் போட்டேன். அம்மா முதலில் பார்த்ததே அந்த இடத்தைத்தான்.

இன்னொரு பொறி: ஒரு பக்கத்தைச் செய்து முடித்து, அதை இடவலம் திருப்பி மறுபக்கம் ஒட்டுவது. வேலை மிச்சம் என்று தோன்றும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்திருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும், முகம் லேசாகத் திரும்பியிருந்தால் இரண்டு பக்கத்தின் அகலமும் வேறு. எவருக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்வதும் இல்லை.

4. வடிவத்தை முடிவு செய்யுங்கள்

வேரையும் நுனியையும் தனித்தனியாக யோசியுங்கள். வேர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், எந்தத் திசையில் தோலைவிட்டு வெளியே வருகிறதோ அந்தத் திசைதான். வடிவம் என்று நாம் சொல்வது முக்கால்வாசி கத்தரி பட்ட இடமும் சீப்பு பட்ட இடமும்தான். அதனால் மீசையை அகலமாக்க வேண்டும் என்றால் கன்னத்தில் புது வேர் நடாதீர்கள், கடைவாய்ப் பக்கம் இருக்கும் வேரிலிருந்து முடியை நீளமாக வளருங்கள். மேல் விளிம்பை உயர்த்துவது என்றால், மழித்த முடியின் கரும்புள்ளிகள் எதுவரை தெரிகிறதோ அதுவரைதான் போகலாம்.

இன்னொரு லேயரில் வெளிக்கோடு மட்டும் மெலிசாகப் போட்டு, 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

Warp Transform கருவியை வைத்து இருக்கிற மீசையையே இழுத்து வடிவம் கொண்டுவரலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இரண்டு மூன்று பிக்சல் நகர்த்துவதற்கு அது சரி. அதற்கு மேல் இழுத்தால் முடியும் சேர்ந்து இழுபடும், ஒரு பிக்சல் முடி மூன்று பிக்சலாகத் தடிக்கும், கீழே போக வேண்டிய முடி பக்கவாட்டில் வளையும், கூடவே உதட்டுக் கோடும் கோணும். திசை வரைபட லேயரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் எங்கே கெட்டது என்று தெரிந்துவிடும்.

5. அடர்த்தி சேர்ப்பது

மூன்று லேயர் போதும்.

கீழே நிழல். அடர்ந்த மீசைக்குள் தோல் தெரியாது, கருமை தெரியும். லேயரை Multiply முறையில் வைத்து, மென்மையான பெரிய பிரஷ்ஷால் மீசையின் நடு உடலில் மட்டும் பூசுங்கள், விளிம்பு வரை கொண்டுபோக வேண்டாம். 25 அல்லது 30 சதவீதம் போதும். இந்த லேயரை மட்டும் போட்டுவிட்டு விட்டால் மை பூசிய மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்.

அதன் மேல் முடி. கறுப்பு மீசை என்பதற்காகக் கறுப்பை எடுக்காதீர்கள். நிறம் எடுக்கும் கருவியில் Sample average என்பதைத் தேர்ந்துகொண்டு, இருக்கும் மீசையிலேயே மூன்று இடத்தில் தொட்டு எடுங்கள்: மிகக் கருமையான இடம், நடுத்தரம், வெளிச்சம் பட்ட இடம். அப்பாவின் மீசையில் மிகக் கருமையான நிறமே `#2b2320`தான், நல்ல அடர் பழுப்பு. அதில் நான் முழுக் கறுப்பைப் போட்டதால்தான் முதல் மீசை முகத்தை விட்டுத் தனியாக மிதந்தது. நரை இருந்தால் அதையும் விடாமல் எடுங்கள், நரை இருக்கும் விகிதத்திலேயே வையுங்கள்.

ஒவ்வொரு கோடும் வேரில் தொடங்கி நுனியில் மெலிய வேண்டும். டேப்லெட் என்றால் பேனா அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறுமாறு Dynamics பட்டியலில் Pressure Size வைத்துக்கொள்ளுங்கள். மவுஸ் என்றால் அதே பட்டியலில் Fade Tapering, கோடு தானே மெலிந்து முடியும், எத்தனை பிக்சலில் மெலிய வேண்டும் என்பதைக் கீழே இருக்கும் Fade Options பகுதியில் சொல்லலாம். எனக்கு ஒரு முடி எட்டு மில்லிமீட்டர் வேண்டியிருந்தது, அதனால் 80 பிக்சல். ஒரு விஷயம், ஒதுக்கிய மீசையில் உதட்டோர முடியின் நுனி கூராக இருக்காது, கத்தரி வெட்டிய இடம் மொட்டையாகத்தான் இருக்கும். அந்த ஓரத்துக்கு மட்டும் மெலிவை நிறுத்திவிடுங்கள்.

படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வரையுங்கள். மணிக்கட்டு ஒரே ஒரு வளைவைத்தான் இயல்பாகப் போடும், அந்த வளைவுக்கு ஏற்றபடி முகத்தைச் சாய்ப்பது சுலபம். Shift விசையோடு மவுஸின் நடுப்பொத்தானை அழுத்தி இழுத்தால் காட்சி திரும்பும், படத்துக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்துப் பக்கத்து முடிகள் அச்சடித்த மாதிரி இணையாக இருக்கக் கூடாது. வரைபடத்து அம்பை மையமாக வைத்து இரண்டு பக்கமும் பத்து டிகிரி வரை சிதற விடுங்கள், மூன்று நான்கு முடி நுனியில் சேர்ந்து ஒரு கற்றையாகட்டும், அங்கங்கே ஒன்று மற்றொன்றைக் குறுக்கே தாண்டட்டும். 20 டிகிரிக்கு மேல் சிதறினால் தூங்கி எழுந்த மீசை. மேல் விளிம்பில் முடியைத் திடீரென்று தொடங்காதீர்கள், அங்கே பூனை முடியாக, தள்ளித் தள்ளி, மங்கலாக ஆரம்பித்து உள்ளே வர வர நெருக்குங்கள். ஒட்டு மீசையைக் காட்டிக்கொடுப்பது எப்போதும் அந்த மேல் விளிம்புதான். ஒரு பக்கத்துக்கு எனக்கு முந்நூற்று ஐம்பது கோடு வரை ஆனது, பாட்டுப் போட்டுக்கொண்டு செய்தால் போர் அடிக்காது.

மூன்றாவது லேயரில் ஒளி. வெளிச்சம் படும் பக்கத்தில், முடி வளையும் மேட்டில் மட்டும் இருபது முப்பது மெல்லிய வெளிர் கோடுகள். நுனியில் வேண்டாம், வேரிலும் வேண்டாம், நடுவில் சின்னத் துண்டாக. இதை அதிகம் போட்டால் எண்ணெய் தேய்த்த மீசையாகிவிடும்.

6. மெலிசாக்க வேண்டும் என்றால்

சேர்ப்பதைவிடக் குறைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் முடிக்குக் கீழே இருக்கும் தோல் உங்களிடம் இல்லை. கன்னத்துத் தோலை Clone கருவியால் எடுத்துப் போட்டால் மேலுதடு பிளாஸ்டிக் மாதிரி பளபளக்கும். மழித்த இடத்தில் எப்போதும் லேசான நீலச் சாயலும் வேர்ப் புள்ளிகளும் இருக்கும். அதனால் தாடையில் அல்லது கீழுதட்டுக்குப் பக்கத்தில் மழித்த தோல் தெரிந்தால் அங்கிருந்து எடுங்கள், அதன் பின் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

இன்னும் நல்ல வழி, முழுசாக அழிக்காமல் இருப்பது. தோல் நிறத்தில் ஒரு பிக்சல் கோடுகளை முடிக்கு நடுவே, அதே வளர்ச்சித் திசையில் இழுங்கள். சீப்பால் வாரினால் இடையில் தோல் தெரியுமே, அந்த மாதிரி. அடர்த்தி குறையும், மீசை அவருடையதாகவே இருக்கும். Heal கருவியை இங்கே வட்ட வட்டமாகத் தட்டாதீர்கள், அது பக்கத்து முடியின் நிறத்தையும் இழுத்துக் குழப்பிச் சாம்பல் கறையாக்கிவிடும்.

7. நுனியை மேலே ஏற்றுவது

முறுக்கு மீசை கேட்பவர்கள்தான் அதிகம், அதில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: முடியை மேல்நோக்கி முளைக்க விடுவது. மீசை முடி மேலே முளைக்காது. கீழேயும் வெளியேயும் போகிற முடியை விரலாலும் மெழுகாலும் திருப்பித்தான் மேலே ஏற்றுகிறார்கள். அதனால் கோடு வேரிலிருந்து முதல் பாதி வரைபடத்து அம்பின்படியே வெளியே போகட்டும், பிற்பாதியில்தான் வளைந்து மேலேறட்டும். நடுப் பள்ளத்துக்குப் பக்கத்து முடிகள் குட்டை, அவை வளைவில் சேரவே சேராது, கீழே பார்த்துக்கொண்டே இருக்கட்டும். மூக்கு மடலுக்குக் கீழே தொடங்கும் நீள முடிகள்தான் கடைவாயைத் தாண்டி ஒன்றாகத் திரண்டு முறுக்காகும், அப்படித் திரளும்போது கற்றை குறுகும், கருமை கூடும். அப்பாவுக்கு லேசான ஏற்றம்தான், கடைவாயிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வெளியே, இரண்டு மில்லிமீட்டர் மேலே. குழுப்படத்தை வைத்து எடுத்த அளவு அது.

நுனி கன்னத்தைத் தொடாமல் நின்றால் அதன் நிழல் கன்னத்தில் விழும். ஒரு சின்ன மங்கல் நிழல் போட்டாலே நுனி தோலை விட்டு எழும்பி நிற்கும். உதட்டின் மேலும் அதே மாதிரி, அடர்த்தி கூடினால் மேலுதட்டில் விழும் நிழலும் கூட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

8. படத்தோடு ஒட்ட வைப்பது

நீங்கள் வரைந்த முடி சுத்தமாக இருக்கிறது, படம் அப்படி இல்லை, அதில் சிறு புள்ளியும் மங்கலும் உண்டு. முடி லேயருக்கு Gaussian Blur 0.5 அளவில் கொடுத்து, பழைய முடியையும் புது முடியையும் 300 சதவீதத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுசு இன்னும் கூர்மையாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். பின் RGB Noise சிறிதளவு, கன்னத்தில் தெரியும் புள்ளிக்குச் சமமாக வரும் வரை மட்டும்.

View பட்டியலில் காட்சியை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல் அப்போது தெரியும். பின் ஒரு நாள் மூடி வையுங்கள். கோப்பை லேயர்களோடு `.xcf` ஆகவே வைத்துக்கொள்ளுங்கள், ஜேபெக் மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த திருத்தத்துக்கு முதலிலிருந்து வர வேண்டும்.

பெரிதாக அச்சிடுவதற்கு முன், அதே காகிதத்தில் முகம் மட்டும் வரும்படி ஒரு சின்னத் துண்டு அச்சிட்டுப் பாருங்கள். திரையில் தனித்தனியாகத் தெரிந்த முடி காகிதத்தில் மை ஊறி ஒரே கறுப்புக் கட்டியாகலாம். எனக்கு அப்படித்தான் ஆனது, நிழல் லேயரை 30 சதவீதத்திலிருந்து 20க்கு இறக்கினேன், ஒளிக் கோடுகளை மட்டும் கொஞ்சம் தூக்கினேன், இரண்டாவது துண்டில் சுழி வரைக்கும் தெரிந்தது.